பெயரைத் தேடிப் பார்ப்பதற்குள் எல்லாவற்றையும் அழிக்க ஓடுபவர்கள் செய்யும் தவறுகள்

வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று முடிவெடுத்ததும் பலர் பழைய ஃபேஸ்புக் கணக்கை ஒரே மூச்சில் மூடிவிடுகிறார்கள். முதலில் செய்யக்கூடாதது இதுதான். கணக்கை மூடினால் உங்கள் பக்கம் போய்விடும். ஆனால் நண்பர் தன் கணக்கில் ஏற்றிய படம் அங்கேயே இருக்கும். எந்தெந்தப் படங்களில் உங்களைக் குறியிட்டிருக்கிறார்கள், எங்கெல்லாம் கருத்து எழுதியிருக்கிறீர்கள் என்று காட்டும் Activity Log மட்டும் உங்கள் கையைவிட்டுப் போகும். வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமலேயே சாவியைக் கிணற்றில் போடுகிற வேலை இது. நல்லவேளையாக, ஃபேஸ்புக்கில் நீக்கக் கோரிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள் மீண்டும் உள்நுழைந்தால் கோரிக்கையை ரத்து செய்துவிடலாம்.

அழிப்பதற்கு முன் தேட வேண்டும். அதையும் பலர் தங்கள் கூகுள் கணக்கில் உள்நுழைந்தபடி, தங்கள் பெயரை ஒரே ஒரு முறை அடித்துப் பார்த்துவிட்டு நிம்மதியடைகிறார்கள். ஆட்தேர்வு செய்பவர் அப்படித் தேடுவதில்லை. அவர் கையில் உங்கள் விண்ணப்பம் இருக்கிறது. பெயரோடு முந்தைய நிறுவனத்தின் பெயரையோ கல்லூரியின் பெயரையோ சேர்த்து அடிப்பார். மின்னஞ்சல் முகவரியில் @ குறிக்கு முன்னால் இருப்பதை மட்டும் எடுத்தும் தேடலாம். பலருக்கு அந்தப் பகுதிதான் பதினாறு வயதில் வைத்துக்கொண்ட புனைபெயர். விளையாட்டு மன்றத்திலும் கேள்வி பதில் தளத்திலும் அதே பெயரில்தான் எழுதியிருப்பார்கள். எனவே உலாவியில் தனிப்பட்ட சாளரத்தைத் திறந்து, பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுங்கள். தலைப்பெழுத்தை முன்னால் போட்டு ஒரு முறை, பின்னால் போட்டு ஒரு முறை, எழுத்துக்கூட்டல் மாறும் வடிவங்களில் ஒரு முறை. பிறகு பழைய புனைபெயர்கள். படங்களுக்கான தேடலையும் விட்டுவிட வேண்டாம். சிக்கலாகத் தோன்றும் ஒவ்வொரு பக்கத்தின் முழு முகவரியையும் ஒரு கோப்பில் நகலெடுத்து வையுங்கள். ஏன் என்பது அடுத்துத் தெரியும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கணக்கர் பணிக்கு விண்ணப்பிக்கும் ஒருவர் தன் பெயரையும் பழைய நிறுவனத்தின் பெயரையும் சேர்த்துத் தேடுகிறார். மூன்றாவது முடிவாக, ஒரு மன்றத்தில் மேலாளரைத் திட்டி அவர் எழுதிய பழைய பதிவு வருகிறது. உள்ளே போய் அதை நீக்குகிறார். மறுநாள் தேடினால் அதே தலைப்பும் அதே இரண்டு வரிகளும் கூகுளில் அப்படியே இருக்கின்றன. நீக்கம் நடக்கவில்லை என்று பதறி மன்றக் கணக்கையே மூடிவிட நினைக்கிறார்.

நீக்கம் நடந்துவிட்டது. கூகுள் காட்டுவது அது கடைசியாக அந்தப் பக்கத்துக்கு வந்தபோது எடுத்துச் சென்ற வாசகம். மறுபடி வரும்வரை பழையதுதான் தெரியும். நடமாட்டம் குறைந்த தளம் என்றால் வாரக்கணக்கில்கூட ஆகலாம். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. கூகுளின் Refresh Outdated Content என்ற பக்கத்தில், எடுத்து வைத்த முகவரியை ஒட்டிக் கோரிக்கை அனுப்பலாம். பக்கம் முழுவதும் போயிருந்தால் அந்த முகவரியே போதும். இவருடைய நிலை வேறு: பதிவு போய்விட்டது, ஆனால் மற்றவர்கள் எழுதியவற்றோடு பக்கம் உயிரோடு இருக்கிறது. அப்போது பழைய பதிவில் இருந்து இப்போது பக்கத்தில் எங்குமே இல்லாத ஒரு சொல்லைக் கொடுக்க வேண்டும். படம் என்றால் பக்கத்தின் முகவரி மட்டும் போதாது, படத்தின் முகவரியும் வேண்டும்.

இவருடைய கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. பக்கத்தை மேலிருந்து கீழாகப் படித்த பிறகுதான் காரணம் புரிகிறது: வேறொருவர் பதில் எழுதும்போது இவர் பதிவை அப்படியே மேற்கோள் காட்டியிருக்கிறார். இவர் கொடுத்த சொல் அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கருவி, உண்மையில் நீங்கியதை மட்டுமே கூகுளிலிருந்து நீக்கும், இருப்பதை மறைக்காது. இனி வழி, மேற்கோள் காட்டியவருக்கோ மன்ற நிர்வாகிக்கோ எழுதுவதுதான். இரண்டு வரி போதும்: எந்தப் பக்கம், எந்தப் பதில், எடுத்துவிட முடியுமா என்று. சட்டத்தைக் காட்டி மிரட்டும் கடிதம் மன்றத்தில் புதிய விவாதமாக வெளிவருவதற்கே வாய்ப்பு அதிகம். மன்றக் கணக்கை அவசரத்தில் மூடியிருந்தால், இந்தக் கோரிக்கையை அனுப்புபவர் அந்தப் பதிவை எழுதியவர்தான் என்று நிரூபிப்பதும் கடினமாகியிருக்கும்.

ஃபேஸ்புக்கில் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகத் தேடி நீக்க நேரமில்லை என்றால், அமைப்புகளில் Limit Past Posts இருக்கிறது. பொதுவில் இருந்த பதிவுகளை நண்பர்கள் மட்டும் பார்க்கும்படி மொத்தமாக மாற்றும். மொத்தமாகத் திரும்பப் பெற முடியாது என்பதை நினைவில் வையுங்கள். இதைச் செய்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் இங்கே நடக்கும் தவறு. இப்போதுள்ள அட்டைப் படம் எப்போதும் பொதுவில்தான் இருக்கும். அடுத்தவரின் பொதுப் பதிவின் கீழ் நீங்கள் எழுதிய கருத்து உங்கள் அமைப்புக்குக் கட்டுப்பட்டதல்ல; பதிவிட்டவர் வைத்த அமைப்பே அதற்கும் பொருந்தும். என் கணிப்பில், விருந்துப் படங்களைவிட அரசியல் சண்டைகளில் விட்டெறிந்த இந்தக் கருத்துகள்தான் அதிகம் சங்கடப்படுத்துபவை. Activity Log வழியாக அவற்றை எடுத்து நீக்குங்கள். முடித்ததும் View As வசதியில் உங்கள் பக்கம் வெளியாருக்கு எப்படித் தெரிகிறது என்று பாருங்கள்.

எல்லாவற்றையும் துடைத்துவிட்டு வெறுமையாக விடுவதும் சரியல்ல. அமெரிக்காவில் கேரியர்பில்டர் நிறுவனம் 2018-இல் நடத்திய கருத்தாய்வில், இணையத்தில் ஒருவரைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் நேர்காணலுக்கு அழைக்கும் வாய்ப்புக் குறைவு என்று 47 சதவீத நிறுவனங்கள் சொல்லியிருந்தன. தேடுபவருக்கு ஏதாவது ஒன்று கிடைக்க வேண்டும்; பெரும்பாலோருக்கு அது லிங்க்ட்இன் பக்கமாக இருந்தால் போதும்.

அங்கே தொடங்கும்போது முதலில் பக்கத்தின் முகவரியை மாற்றுங்கள். தளம் தானாகத் தருவது பெயரோடு எண்களும் எழுத்துகளும் ஒட்டிய நீளமான வால். விண்ணப்பத்தில் எழுதும் பெயரையே linkedin.com/in/ என்பதற்குப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். இப்போது வேலையில் இருப்பவர் என்றால், மாற்றங்களைத் தொடர்பில் உள்ளவர்களுக்கு அறிவிக்கும் அமைப்பை நிறுத்திவிட்டுத்தான் கைவைக்க வேண்டும். வேலை தேடுகிறேன் என்று காட்டும் Open to Work பச்சை வளையம் பக்கத்தைப் பார்க்கும் எல்லோர் கண்ணிலும் படும். ஆட்தேர்வாளர்களுக்கு மட்டும் காட்டும் தேர்வும் உண்டு. உங்கள் நிறுவனத்தின் ஆட்தேர்வாளர்களிடமிருந்து அதை மறைக்கத் தளம் முயலும், ஆனால் உறுதி தராது.

கடைசியாக, விண்ணப்பத்தையும் லிங்க்ட்இன் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாதங்களை ஒப்பிடுங்கள். ஒன்றில் மார்ச் வரை, மற்றொன்றில் ஆகஸ்ட் வரை அதே வேலையில் இருந்ததாக எழுதியிருந்தால், மறதியில் நேர்ந்தது என்று ஆட்தேர்வாளர் எடுத்துக்கொள்ள மாட்டார். இடையில் வேலையின்றி இருந்த மாதங்களை மறைக்கிறீர்கள் என்றே நினைப்பார்.