எஸ்க்ரோ பணம் முடங்காமல் இருக்க

கட்டட உரிமையாளர் ஒப்பந்ததாரருக்குத் தரவேண்டிய பணத்தை, நிபந்தனை நிறைவேறும்வரை வங்கி போன்ற மூன்றாம் தரப்பிடம் வைக்கும் எஸ்க்ரோ ஒப்பந்தத்தில் "வேலை திருப்திகரமாக முடிந்ததும்" என்று எழுதாமல், "இரண்டாம் தளக் கூரைக்கு கான்கிரீட் போட்டு முடித்ததாகத் திட்டப் பொறியாளர் கையொப்பமிட்ட சான்றிதழ் கிடைத்து 7 நாட்களுக்குள் உரிமையாளர் எழுத்துமூலம் மறுக்காவிட்டால், 12 லட்சம் ரூபாய் விடுவிக்கப்படும்" என்று எழுதுங்கள்.

எஸ்க்ரோ முகவரான வங்கியின் கடமை, வந்த ஆவணம் ஒப்பந்தத்தில் சொன்னபடி இருக்கிறதா என்று பார்ப்பதே தவிர, கான்கிரீட்டின் தரத்தை அளப்பதன்று. 'திருப்தி' குறித்து இரு தரப்பும் முரண்பட்டால், பொதுவாகக் கூட்டுக் கடிதமோ நீதிமன்ற உத்தரவோ வரும்வரை பணத்தை அப்படியே வைத்திருக்கும். மறுப்புக்குக் கெடு வைப்பதுதான் இதில் முக்கியம்; பதிலே சொல்லாமல் பணத்தை முடக்கும் வழி அதனால் அடைபடுகிறது.

ரெரா எனும் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி, வீடு வாங்குவோர் செலுத்தும் தொகையில் 70 சதவீதத்தைப் போட்டுவைக்கும் தனிக்கணக்குக்கு இது பொருந்தாது. அதிலிருந்து எடுக்கப் பொறியாளர், கட்டடக் கலைஞர், பட்டயக் கணக்காளர் ஆகிய மூவரின் சான்றும் வேண்டும் என்பது சட்டமே விதித்த நிபந்தனை.