விகிதம் கற்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: பதினைந்து எலுமிச்சையும் முப்பத்திரண்டு ஸ்பூன் சீனியும்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ் வழிப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் பயிற்சி ஆசிரியர்கள் சிலர் வந்து என் வகுப்பில் பாடம் நடத்துவார்கள். விகிதம், விகிதசமம் என்றால் பெரும்பாலும் சமையல் குறிப்போடும் கடை விலையோடும்தான் வருகிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் நான் முதல் சில ஆண்டுகளில் எங்கே சறுக்கினேனோ அதே இடத்தில் அவர்களும் சறுக்குவதைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். லிட்டரையும் மில்லியையும் கலப்பது, 2:3 என்பதை 3:2 என்று திருப்பி எழுதுவது போன்றவற்றை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

இரட்டிப்புக் கணக்கை மட்டும் கொடுப்பது

இதுதான் பெரிய தவறு. இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவதும் இதுதான்.

பள்ளியில் ஒரு விழா. ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் எலுமிச்சை ஜூஸ் கடை போடுவதாக ஏற்பாடு. அதற்கு முந்தின இரண்டு வாரமும் நான் விகிதம்தான் நடத்தியிருந்தேன். நாலு பேருக்கான குறிப்பைக் கொடுத்து எட்டுப் பேருக்கு எவ்வளவு, பன்னிரண்டு பேருக்கு எவ்வளவு என்று கேட்டேன். எல்லாரும் சரியாகச் சொன்னார்கள், தேர்விலும் நல்ல மதிப்பெண். பாடம் பதிந்துவிட்டது என்று நம்பி, கடைக் கணக்கை முழுக்க அவர்களிடமே விட்டுவிட்டேன்.

அவர்கள் ருசி பார்த்து முடிவு செய்த அளவு இது: 4 டம்ளருக்கு 2 எலுமிச்சை, 6 ஸ்பூன் சீனி. விழாவுக்கு 30 டம்ளர் போட வேண்டும். 15 எலுமிச்சை பிழிந்தார்கள், சரி. சீனி 32 ஸ்பூன் போட்டார்கள். வாங்கிக் குடித்த முதல் ஆளே முகத்தைச் சுளித்தார். அடுத்தவர் பாதியில் வைத்துவிட்டுப் போனார். கணக்குப்படி 45 ஸ்பூன் போட்டிருக்க வேண்டும்.

32 எங்கிருந்து வந்தது என்று நோட்டை வாங்கிப் பார்த்தேன். நாலிலிருந்து முப்பதுக்கு 26 கூடுகிறது, அதனால் ஆறோடும் 26 கூட்டியிருந்தார்கள். எலுமிச்சைக்கு ஏன் அப்படிச் செய்யவில்லை? டம்ளரில் பாதி எலுமிச்சை என்பது கண்ணுக்குத் தெரிகிறது. நாலுக்கு ஆறு என்பதில் அப்படி நேராக எதுவும் தெரிவதில்லை. நாலு எத்தனை மடங்கானால் முப்பது என்பதும் முழு எண்ணாக வராது. முழு மடங்கு கிடைக்காத இடத்தில் பிள்ளை பெருக்கலைக் கைவிட்டுக் கூட்டலுக்கு ஓடுகிறது. நான் இரண்டு வாரமாகக் கொடுத்த கணக்குகள் எல்லாமே முழு மடங்கில் முடிந்தவை. அதனால் இந்தக் கூட்டல் பழக்கம் ஒரு நாள்கூட வெளியே தலை காட்டவில்லை.

இது எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் குறை இல்லை. ராபர்ட் கார்ப்லஸ் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1970 வாக்கில் இதையே சோதித்திருக்கிறார். இரண்டு பொம்மை மனிதர்கள். பட்டன்களால் அளந்தால் குட்டையானவர் 4, நெட்டையானவர் 6. காகிதக் கிளிப்பால் அளந்தால் குட்டையானவர் 6, அப்படியானால் நெட்டையானவர் எத்தனை கிளிப்? 9 என்பது விடை. இரண்டைக் கூட்டி 8 என்று சொன்ன பிள்ளைகள் ஏராளம். எண்களைக் கவனியுங்கள், அங்கேயும் நாலும் ஆறும்தான்.

இப்போது நான் இந்தப் பாடத்தை இப்படித் தொடங்குகிறேன். எதையும் விளக்குவதற்கு முன்பே அதே ஜூஸ் குறிப்பைப் பலகையில் எழுதி இரண்டு கேள்வி கேட்பேன். 8 டம்ளருக்கு எத்தனை ஸ்பூன் சீனி? 10 டம்ளருக்கு எத்தனை? முதல் கேள்விக்கு அநேகமாக எல்லாரும் 12 என்று எழுதுவார்கள். இரண்டாவதுக்கும் சிலர் 12 என்று எழுதுவார்கள், நாலுக்கு மேலே ஆறு டம்ளர் கூடியதால் ஆறு ஸ்பூனும் கூட்டியவர்கள் அவர்கள். அவர்களைத் திருத்தக் கூடாது. “எட்டு டம்ளருக்கும் பன்னிரண்டு, பத்து டம்ளருக்கும் பன்னிரண்டா?” என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா நிற்க வேண்டும். தான் எழுதிய இரண்டு விடைகளும் ஒன்றையொன்று இடிப்பது அந்தப் பிள்ளைக்கே தெரியும். போன வருஷம் ஒரு சிறுமி இரண்டு விடைகள் மேலும் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் “அந்த ரெண்டு டம்ளருக்கு சீனியே இல்லையா சார்?” என்றாள்.

அடுத்து, மேலே போகாமல் கீழே இறங்குங்கள். கூட்டல் சரி என்றால் கழித்தலும் சரியாகத்தானே இருக்க வேண்டும்? 4 டம்ளருக்கு 6 ஸ்பூன், 3 டம்ளருக்கு 5, 2 டம்ளருக்கு 4, 1 டம்ளருக்கு 3. இன்னும் ஒரு படி இறங்கினால் பூஜ்யம் டம்ளருக்கு 2 ஸ்பூன். டம்ளரே இல்லை, சீனி மட்டும் மிச்சம் நிற்கிறது. இந்த வரியைப் பலகையில் நான் எழுதுவதில்லை, ஒரு பிள்ளையை அழைத்து எழுத வைப்பேன். கூட்டல் முறை எங்கே உடைகிறது என்று அந்த ஒரு வரி காட்டிவிடும். இட்லி மாவுக் கணக்கில் இன்னும் சீக்கிரம் உடையும். நாலு ஆழாக்கு அரிசிக்கு ஓர் ஆழாக்கு உளுந்து என்றால், மூன்று ஆழாக்கு அரிசிக்கு உளுந்தே வேண்டாம் என்று வரும். வீட்டில் மாவரைப்பதைப் பார்த்த எந்தப் பிள்ளையும் அதை ஒப்புக்கொள்ளாது.

பிறகு ருசி பார்க்க வையுங்கள். ஒரே அளவு தண்ணீரும் அரை எலுமிச்சையும் விட்ட இரண்டு டம்ளர்கள் போதும். ஒன்றில் கழித்து வந்தபடி 3 ஸ்பூன் சீனி, மற்றதில் 1½ ஸ்பூன். எது முதலில் போட்ட நாலு டம்ளர் ஜூஸ் மாதிரி இருக்கிறது என்று குடித்துச் சொல்லட்டும். அளவு மாறலாம், ருசி மாறக் கூடாது என்பது நாக்கில் பட்ட பிறகுதான் விகிதசமம் என்ற சொல்லைப் பலகையில் எழுதுகிறேன்.

சரியான வழி என்ன என்பதை இதற்குப் பிறகு காட்டினால் போதும். நாலுக்கு ஆறு என்பதைப் பாதியாக்கினால் 2 டம்ளருக்கு 3 ஸ்பூன். இதை ஒரு ‘கூட்டு’ என்று வைத்துக்கொள்கிறோம். 10 டம்ளர் என்றால் 5 கூட்டு, 15 ஸ்பூன். 30 டம்ளர் என்றால் 15 கூட்டு, 45 ஸ்பூன். 7 டம்ளர் கேட்டால் மூன்றரைக் கூட்டு, பத்தரை ஸ்பூன். கடைசிக் கணக்கை விட்டுவிடாதீர்கள். அரைக் கூட்டு என்ற எண்ணம் வந்துவிட்ட பிள்ளைக்கு ஓரலகு முறை தானாகவே பிடிபடும்.

குறுக்குப் பெருக்கலை முதல் நாளே கொடுப்பது

கூட்டல் பழக்கத்தைப் பார்த்துப் பதறிப்போய், “இப்படிக் குறுக்கே பெருக்கு, விடை வந்துவிடும்” என்று நானும் ஒரு வருஷம் செய்தேன். விடை வந்தது. இரண்டு மாதம் கழித்து எதை எதோடு பெருக்குவது என்பது மறந்துபோய், திரும்பவும் கூட்ட ஆரம்பித்துவிட்டார்கள். கூட்டு முறையில் கை ஓடிய பிறகு, அதே கணக்கைக் குறுக்குப் பெருக்கலிலும் செய்து பார்த்து இரண்டும் ஒரே விடை தருவதைக் காட்டலாம். அதுவரை அவசரம் வேண்டாம்.

சர்க்கரை என்று எழுதுவது

எல்லைப் பக்கத்துக்கு மட்டுமான எச்சரிக்கை இது. மலையாளத்தில் சர்க்கரை என்றால் வெல்லம், வெள்ளைச் சீனிக்குப் பஞ்சசாரை. இரண்டு மொழியும் பேசும் வீட்டிலிருந்து வரும் பிள்ளை எதை நினைப்பாள் என்று சொல்ல முடியாது. பலகையில் ‘சீனி’ என்றே எழுதுங்கள்.

எல்லா விலையும் விகிதசமம் என்று நம்புவது

கடை விலையைக் கொண்டுவரும் பயிற்சி ஆசிரியர்கள் எல்லாரும் “ஒரு கிலோ இவ்வளவு, ஐந்து கிலோ எவ்வளவு” என்றே கேட்கிறார்கள். பிள்ளைகள் தெருவில் பார்ப்பது வேறு. ஒரு பையன் தள்ளுவண்டி அட்டையில் பார்த்ததை நோட்டில் எழுதிக்கொண்டு வந்தான்: தக்காளி கிலோ 40, மூணு கிலோ 100. இரண்டு கிலோ என்ன விலை என்று கேட்டேன். பாதி வகுப்பு 80 என்றது. ஒருவன் நூறை மூன்றால் வகுத்து இரண்டால் பெருக்கி, அறுபத்தாறு ரூபாய் சொச்சம் என்றான். அவன் கணக்கில் பிழையே இல்லை. ஆனால் வண்டிக்காரர் 80 ரூபாய்தான் வாங்குவார்.

இங்கே விகிதசமம் இருக்கிறதா என்று பார்க்கும் வேலையைத்தான் நாம் சொல்லித்தர மறக்கிறோம். எடையையும் விலையையும் இரண்டு வரிசையாக எழுதி, ஒவ்வொரு விலையையும் எடையால் வகுக்கச் சொல்லுங்கள். ஒரு கிலோவுக்கு 40, இரண்டு கிலோவிலும் கிலோவுக்கு 40, மூன்றில் 33 ரூபாய் சொச்சம். மூன்றாவது வரியில் விகிதம் மாறிவிட்டது, ஆகவே அட்டை முழுவதற்கும் ஒரே விகிதம் கிடையாது. அந்த வகுத்தலே எந்த விலை லாபம் என்பதையும் சொல்லிவிடுகிறது.

அதனால் வரிசை முக்கியம். முதல் நாள் தராசில் நிறுத்து, ஒரே கிலோ விலைக்கு விற்கும் வெங்காயம், அரிசி போன்ற சில்லறைச் சரக்கு. அது பழகிய பிறகு பாக்கெட்டில் வரும் தேங்காய் எண்ணெயும் சலுகை விலையும். சிறிய பாக்கெட், பெரிய பாக்கெட் இரண்டையும் நூறு மில்லிக்கு என்ன விலை என்று ஆக்கிப் பார்க்கட்டும். பெரியதுதான் எப்போதும் மலிவு என்று முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். சில பொருட்களில் சின்னப் பாக்கெட்டே மலிவாக இருக்கும், அதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

பங்கையும் முழுதையும் குழப்புவது

மாவில் அரிசியும் உளுந்தும் 4:1. அப்படியானால் உளுந்து எத்தனையில் ஒரு பங்கு? நாலில் ஒரு பங்கு என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். ஐந்தில் ஒரு பங்கு என்பதுதான் விடை. ஐந்து ஆழாக்கை மேசையில் வரிசையாக வைத்து, நாலில் அரிசியும் ஒன்றில் உளுந்தும் நிரப்பி எண்ணச் சொல்லுங்கள். வாயால் விளக்கினால் இது நிற்காது.

ஆழாக்கையும் கிராமையும் கலப்பது

ஓர் ஆழாக்கு அரிசியும் ஓர் ஆழாக்கு உளுந்தும் ஒரே எடை இல்லை. ஆழாக்கில் ஆரம்பித்தால் ஆழாக்கிலேயே முடியுங்கள்.

வேகும் நேரத்தை விகிதத்தில் கேட்பது

ஒரு முட்டை வேகப் பத்து நிமிஷம் என்றால் ஐந்து முட்டைக்கு ஐம்பது நிமிஷம் ஆகாது.