தட்டில் கோதுமைப்புல்: வேரில் பூஞ்சை பிடிக்காமல் வளர்ப்பதும் அறுக்கும் நாளை அறிவதும்

கோதுமைப்புல் முளைப்பதில் யாருக்கும் சிக்கல் வருவதில்லை. சென்னை போன்ற கடலோர ஊர்களில் நான்காம் ஐந்தாம் நாளில் புல்லின் அடியில், விதைகளுக்கு இடையே, வெண்மையாக ஏதோ படர்ந்து புளித்த வாடை அடிக்கத் தொடங்குவதுதான் சிக்கல். எனவே முளை கட்டும் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, பூஞ்சையைப் பற்றியும் அறுவடைப் பருவத்தைப் பற்றியும் விரிவாக எழுதுகிறேன்.

தட்டும் விதையும்

30 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் கொண்ட, அடியில் துளைகளுள்ள நாற்றுத் தட்டு ஒன்றும், அதைத் தாங்கும் துளையில்லாத தட்டு ஒன்றும் தேவை. மூடுவதற்கு இன்னொரு துளைத் தட்டு இருந்தால் நல்லது. ஆழமான தொட்டிகளை நான் பரிந்துரைப்பதில்லை. பத்து நாள்கூட இருக்கப்போகாத பயிருக்கு, வேரூன்ற அவ்வளவு ஊடகம் வீண், அதில் தேங்கும் ஈரமும் தொல்லை.

மளிகைக் கடையில் கிடைக்கும் முழுக் கோதுமையே போதும், சம்பா கோதுமையும் நன்றாக வரும். விதைக் கடையில் இளஞ்சிவப்புச் சாயம் பூசி விற்கும் விதை மருந்து கலந்தது. அதை உண்பதற்காக வளர்க்கக் கூடாது. புதிய மூட்டையிலிருந்து வாங்கினால், முதலில் நூறு மணிகளை ஈரத்துணியில் கட்டி வைத்துப் பாருங்கள். தொண்ணூறுக்குக் குறைவாக முளைத்தால் அந்தக் கோதுமையை மாவரைக்க அனுப்பிவிடலாம். முளைக்காத மணியும் உடைந்த மணியும் ஈரத்தில் வெறும் மாவுச்சத்தாகக் கிடக்கின்றன, பூஞ்சை முதலில் குடியேறுவது அவற்றில்தான்.

இந்த அளவுத் தட்டுக்கு 200 கிராம் விதை போதும். இதைவிட இரு மடங்கு சொல்லும் குறிப்புகளை நீங்கள் பார்த்திருக்கலாம். குளிர்ந்த, வறண்ட காற்றுள்ள இடங்களுக்கு அது பொருந்தும். நம் ஊரில் விதைகள் ஒன்றையொன்று தொடலாம், ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது.

ஊறலும் பரப்பலும்

இரவில் விதையைக் கழுவி, மிதப்பவற்றை நீக்கி ஊற வையுங்கள். கோடையில் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஊறினால் தண்ணீர் நுரைத்துப் புளித்துவிடும். காலையில் வடிகட்டி, ஈரத்துணியில் மூடி, பகலில் இரண்டு மூன்று முறை அலசி வடித்தால், மறுநாள் காலைக்குள் ஒவ்வொரு மணியின் நுனியிலும் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். அதற்கு மேல் காத்திருக்க வேண்டாம், நீண்டுவிட்ட வேர்கள் பரப்பும்போது ஒடிந்துவிடும்.

ஊடகமாக நான் விரும்புவது தென்னை நார்க்கழிவு. தோட்டத்து மண்ணில் பூஞ்சை வித்துகள் மிகுதி, மழைக்காலத்தில் அது சேறாகவும் இறுகிவிடும். நார்க்கழிவுக் கட்டியை ஊற வைத்து, உப்புப் போக இரண்டு முறை தண்ணீர் மாற்றிப் பிழிந்து, தட்டில் இரண்டு செ.மீ. உயரத்துக்கு நிரப்புங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கினால் ஓரிரு துளி மட்டும் சொட்ட வேண்டும். ஒழுகினால் இன்னும் பிழிய வேண்டும். அதன் மேல் விதையைப் பரப்பி, கையால் மெல்ல அழுத்தி, துளைத் தட்டைக் கவிழ்த்து மூடுங்கள். நெகிழித் தாளால் இறுக மூடினால் காற்றோட்டம் அற்றுப்போகும். காலையும் மாலையும் மூடியைத் தூக்கி, தெளிப்பானால் இலேசாக ஈரப்படுத்தினால் போதும்.

வேர்த்தூவியா, பூஞ்சையா?

இரண்டாம் நாள் மூடியைத் திறக்கும்போது விதையைச் சுற்றிப் பஞ்சு போன்ற வெண்மை தெரியும். பலர் தட்டையே கொட்டிவிடுவது இந்த இடத்தில்தான். பெரும்பாலும் அது வேர்த்தூவி. வேரை மட்டும் சுற்றி, எல்லா விதையிலும் ஒரே சீராக நிற்கும். தண்ணீர் தெளித்தவுடன் வேரோடு ஒட்டிக் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். பூஞ்சையோ சிலந்தி வலைபோல ஒரு விதையிலிருந்து அடுத்த விதைக்குத் தாவிப் படரும், சில இடங்களில் மட்டும் திட்டாக இருக்கும், தண்ணீர் பட்டாலும் நூலிழைகள் தெரியும். முகர்ந்து பார்த்தால் வேர்த்தூவியில் பச்சைக் கோதுமையின் மணம் இருக்கும், பூஞ்சையில் பழைய ஈரத்துணியின் வாடை வரும்.

முளை இரண்டு மூன்று செ.மீ. உயர்ந்ததும், பெரும்பாலும் மூன்றாம் நாளில், மூடியை எடுத்துவிட்டு நேர்வெயில் படாத வெளிச்சத்தில் வையுங்கள். மஞ்சளாக இருக்கும் தளிர் ஒரே நாளில் பச்சையாகிவிடும். இதற்குப் பிறகு மேலிருந்து தண்ணீர் தெளிக்கவே கூடாது. பூஞ்சைத் தடுப்பில் இதைவிடப் பயன் தரும் செயல் வேறில்லை. வேர்கள் பாய்போலப் பின்னி, துளைகளில் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருக்கும். அடித்தட்டில் ஏறத்தாழ 300 மி.லி. தண்ணீர் ஊற்றி, இருபது நிமிடம் வேரை உறிஞ்சவிட்டு, மிஞ்சியதைக் கட்டாயம் கொட்டிவிடுங்கள். அடுத்த முறை எப்போது ஊற்றுவது என்பதைத் தட்டைத் தூக்கிப் பார்த்து, எடை குறைந்திருப்பதைக் கொண்டு முடிவு செய்யலாம். அதோடு, மேசை மின்விசிறியைத் தள்ளி வைத்துக் குறைந்த வேகத்தில் சில மணி நேரம் ஓடவிடுங்கள்; புல்நுனி இலேசாக அசைந்தால் போதுமானது.

சிறு திட்டாகப் பூஞ்சை தெரிந்தால், சுற்றி இரண்டு விரற்கடை அளவு விதையோடும் நார்க்கழிவோடும் கரண்டியால் அகழ்ந்து எடுத்துவிட்டு, காலை இளவெயிலில் ஒரு மணி நேரம் தட்டை வைக்கலாம். நீலப்பச்சைத் தூளோ ஊசித்தலை போன்ற கரும்புள்ளிகளோ தெரிந்தால், அல்லது புல்லின் தண்டிலேயே இழை ஏறியிருந்தால், கழுவிப் பயன்படுத்தும் எண்ணம் வேண்டாம். முழுத் தட்டும் உரக்குழிக்குப் போக வேண்டியதுதான்.

எப்போது அறுப்பது?

நாள்கணக்கும் உயரமும் தோராயமானவை. மார்கழி, தை மாதங்களில் பரப்பியதிலிருந்து எட்டு ஒன்பது நாள் ஆகும், பங்குனி வெயிலில் ஆறு நாளிலேயே தயாராகலாம். உயரம் பெரும்பாலும் 15 முதல் 18 செ.மீ. வரை இருக்கும். நம்பத்தக்க அடையாளம் இரண்டாவது இலைதான். ஒரு புல்லைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முதல் இலை தண்டிலிருந்து பிரியும் இடத்தில் இரண்டாவது இலையின் கூர்நுனி வெளிவரத் தொடங்கியிருக்கும். தட்டின் நடுவிலும் ஓரத்திலுமாக ஐந்தாறு புல்லைப் பார்த்து, பெரும்பாலானவற்றில் அது தெரிந்தால் அன்றே அறுத்துவிடுங்கள். அதற்கு முன் அறுத்தால் சாறு குறைவு. இரண்டாம் இலை நீண்ட பிறகு நார் மிகுந்து கசப்பு ஏறிவிடும்.

அறுப்பதற்கு முந்தைய மாலையிலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஒரு பிடி புல்லைக் கையில் சேர்த்துப் பிடித்து, விதைக்கு மேல் ஒரு செ.மீ. விட்டுக் கத்தரியால் வெட்டுங்கள். விதையை ஒட்டி வெட்டினால் அடியில் உள்ள கசடெல்லாம் சாற்றில் சேரும். குளூட்டன் எனப்படும் கோதுமைப் பசையம் ஒவ்வாதவர்களுக்கு விதைத்துணுக்கு கலப்பது ஆபத்தும்கூட. உடனே பயன்படுத்தாத புல்லைக் கழுவாமல், உலர்ந்த துணியில் சுற்றி டப்பாவில் இட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் ஐந்தாறு நாள் தாங்கும்.

பின்னர் சேர்த்தவை

வேப்பெண்ணெய் தெளிக்கலாமா என்று சிலர் பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்கள். பச்சையாக அரைத்துக் குடிக்கும் புல்லில் அந்த எண்ணெயின் கசப்பும் வாடையும் தங்கிவிடும் என்பதால் நான் அதை ஏற்பதில்லை. 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு தெளித்தால் கண்ணுக்குத் தெரியும் இழைகள் அடங்கும், ஆனால் விதை நெருக்கமும் தேங்கிய நீரும் அப்படியே இருந்தால் பூஞ்சை திரும்ப வரும்.

புல்நுனி பழுப்பாகக் கருகுகிறது என்று எழுதியவர்கள், நார்க்கழிவின் உப்பை இன்னும் ஒரு முறை அலசிப் பார்க்கவும். பிழிந்த நீர் அடர்பழுப்பாக இருந்தால் அலசல் போதவில்லை.

அறுத்த தட்டிலிருந்து மறுபடியும் புல் வருமா என்ற கேள்விக்கு, வரும் என்பதே பதில். ஆனால் சத்து தீர்ந்த விதைகள் அழுகத் தொடங்கியிருப்பதால் அது மெலிந்தும் கசந்தும் வளரும், பூஞ்சையும் எளிதில் பிடிக்கும். வேர்ப்பாயை அப்படியே உரித்து உரக்குழியில் போட்டுவிட்டு, தட்டைச் சோப்பு நீரில் தேய்த்து ஒரு பகல் முழுவதும் வெயிலில் காயவைத்த பிறகே அடுத்த விதையைப் பரப்புங்கள்.