சர்வேக்கு எத்தனை பேரிடம் கேட்க வேண்டும்? மாதிரி அளவைக் கணக்கிடும் முறை

கல்லூரி ப்ராஜெக்ட் செய்பவர்களிடமும் தன்னார்வக் குழுக்களிடமும் ஒரு நம்பிக்கை பரவலாக இருக்கிறது: மொத்த மக்களில் 10 சதவீதம் பேரைக் கேட்டுவிட்டால் போதும் என்பது. இப்படி ஒரு விதியே கிடையாது. 200 வீடுகள் உள்ள குடியிருப்பில் 10 சதவீதம் என்றால் வெறும் 20 வீடு. அதை வைத்து உறுதியாக எதையும் சொல்ல முடியாது. 25,000 வீடுகள் உள்ள நகராட்சியிலோ 2,500 வீடுகள் ஏற வேண்டியிருக்கும், அதில் பெரும்பகுதி வீண் அலைச்சல். எத்தனை பேர் வேண்டும் என்பதை ஊரின் அளவைவிட, நீங்கள் எவ்வளவு பிழையைப் பொறுத்துக்கொள்வீர்கள் என்பதுதான் முடிவு செய்கிறது.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை போட்டுப் பார்ப்போம். 25,000 வீடுகள், 30 வார்டுகள் உள்ள ஒரு நகராட்சி. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுக்கும் வீடுகள் எத்தனை சதவீதம்? இதுதான் கேள்வி. கூகுள் ஷீட்ஸ் அல்லது எக்செல் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: பிழை வரம்பை முடிவு செய்யுங்கள்

சர்வேயில் 62 சதவீதம் என்று வந்து, பிழை வரம்பு ±5 என்றால், உண்மை நிலவரம் 57-க்கும் 67-க்கும் நடுவில் இருக்கலாம் என்று அர்த்தம். இந்த 5 என்பது சதவீதப் புள்ளி. 62-இல் 5 சதவீதம் என்று எடுத்துக்கொண்டு 3.1-ஐக் கூட்டிக் கழிப்பவர்கள் உண்டு, அது தவறு.

எவ்வளவு வரம்பு வேண்டும் என்பதற்கு, கிடைக்கப்போகும் எண்ணை வைத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று பாருங்கள். 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வீடுவீடாகப் பிரசாரம், மேலே இருந்தால் தேவையில்லை என்று நகராட்சி முடிவெடுக்கப்போகிறது என்று வையுங்கள். எப்படியும் 60-ஐத் தாண்டும் என்று எதிர்பார்த்தால் ±5 தாராளமாகப் போதும். 52, 53 என்று வரும் என்று சந்தேகித்தால் ±5 உதவாது.

வரம்பைக் குறைக்க ஆசைப்படும் முன் செலவையும் பாருங்கள். முற்றிலும் குலுக்கல் முறையில் வீடுகளைத் தேர்ந்தெடுத்தால் ±10-க்கு 97 பேர் போதும். ±5-க்கு 385, ±3-க்கு 1,068, ±2-க்கு 2,401, ±1-க்கு 9,604. பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆட்கள் தேவை. ±5-இலிருந்து ±3-க்கு வரவே கிட்டத்தட்ட மூன்று மடங்கு வேலை.

இரண்டாம் படி: சூத்திரத்தில் போடுங்கள்

வரம்பைத் தவிர இன்னும் மூன்று எண்கள் வேண்டும்.

முதலாவது, நம்பக அளவு. வழக்கமாக 95 சதவீதம். இதே சர்வேயை இதே முறையில் 100 தடவை நடத்தினால், சுமார் 95 தடவை உண்மையான எண் நம் வரம்புக்குள் விழும் என்பதுதான் இதன் பொருள். இதற்கான எண் 1.96.

இரண்டாவது, விடை எவ்வளவு வரும் என்ற உங்கள் ஊகம். விடை தெரியாமல்தானே சர்வே, ஊகத்துக்கு எங்கே போவது? சரி, 0.5 என்று போட்டுவிடுங்கள். பாதிக்குப் பாதி பிரிந்திருக்கும்போதுதான் அதிக மாதிரி தேவைப்படும் என்பதால், 0.5 போட்டால் ஒருபோதும் குறைவாக வராது. ஒரு விதிவிலக்கு: நீங்கள் தேடுவது 3 சதவீத வீடுகளில் மட்டும் இருக்கும் அரிதான விஷயம் என்றால் ±5 என்ற வரம்பே அபத்தம். அப்போது ±1 வைத்து, ஊகத்தை 0.03 என்று போட வேண்டும். 1,118 பேர் தேவை என்று வரும்.

மூன்றாவது, ஊரில் உள்ள மொத்த வீடுகள்.

```
B1  1.96
B2  0.5
B3  0.05
B4  25000
B5  =B1^2*B2*(1-B2)/B3^2
B6  =B5/(1+(B5-1)/B4)
```

B5-இல் 384.16 வரும். வீட்டைத் துண்டு போட முடியாது, அதனால் எப்போதும் மேல்நோக்கி முழுமையாக்கி 385. B6 என்பது ஊரின் அளவுக்கான திருத்தம், அதில் 378.36 வரும். அதாவது 379. இப்போது B4-ஐ மாற்றி விளையாடிப் பாருங்கள். 10 லட்சம் வீடுகள் என்று போட்டாலும் 385-ஐத் தாண்டாது. 1,000 வீடுகளுக்கு 278. 200 வீடுகளுக்கு 132, அதாவது பாதிக்கும் மேல்.

இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான கால்குலேட்டர்கள் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. களத்தில் இறங்கினால் இந்த 379 போதாது.

மூன்றாம் படி: தெருத்தெருவாகப் போவதற்கான திருத்தம்

மேலே உள்ள சூத்திரம், 25,000 வீடுகளின் பட்டியலிலிருந்து 379-ஐத் தனித்தனியாகக் குலுக்கி எடுத்ததாக நினைத்துக்கொள்கிறது. நிஜத்தில் யாரும் அப்படி ஊர் முழுக்கச் சிதறிய வீடுகளைத் தேடி அலைவதில்லை. சில தெருக்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் பத்து வீடு என்று முடித்துக்கொள்வார்கள். இதில் தவறில்லை, ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. ஒரே தெருவில் உள்ள வீடுகள் ஒன்றுபோல நடந்துகொள்ளும். குப்பை விஷயத்தில் இது இன்னும் அதிகம், ஏனென்றால் அந்தத் தெருவுக்கு வருபவர் ஒரே தூய்மைப் பணியாளர். கலந்து கொடுத்தால் வாங்க மாட்டேன் என்று அவர் கறாராக இருந்தால் தெருவே பிரித்துக் கொடுக்கும். ஆக, அங்கே பத்தாவது வீட்டைக் கேட்பதில் புதிதாகத் தெரிவது குறைவு.

எத்தனை மடங்கு அதிகம் கேட்க வேண்டும் என்பதை வடிவமைப்பு விளைவு என்பார்கள். தெருவுக்கு எத்தனை வீடு என்பதில் ஒன்றைக் கழித்து, ஒரே தெரு வீடுகளின் ஒற்றுமை அளவால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். ஒற்றுமை அளவு 0 என்றால் அக்கம்பக்கத்து வீடுகளுக்குள் சம்பந்தமே இல்லை, 1 என்றால் தெரு முழுக்க ஒரே பதில். இதே போன்ற பழைய சர்வே ஏதாவது இருந்தால் அதிலிருந்து எடுங்கள். இல்லையென்றால் நான்கைந்து தெருக்களில் முன்னோட்டம் நடத்தினால் தோராயமாகப் பிடிபடும். இங்கே 0.1 என்று வைத்துக்கொள்வோம்.

தெருவுக்கு 10 வீடு என்றால் விளைவு 1.9. தேவை 719 வீடுகள், 72 தெருக்கள். தெருவுக்கு 5 வீடு என்றால் விளைவு 1.4 மட்டுமே. 530 வீடுகள் போதும், ஆனால் 106 தெருக்கள் போக வேண்டும். பேட்டி குறைகிறது, நடை கூடுகிறது. சிறிய ஊரில் தெருக்கள் பக்கம் பக்கமாக இருப்பதால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

இந்தத் திருத்தம் இல்லாமல் ஒரு புகழ்பெற்ற எண் புரியாது. குழந்தைகளில் எத்தனை சதவீதம் பேருக்குத் தடுப்பூசி போடப்பட்டிருக்கிறது என்று அறிய உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் பயன்படுத்திய முறை, 30 இடங்கள், இடத்துக்கு 7 குழந்தைகள், மொத்தம் 210. ஏன் 210? மேல்நோக்கி முழுமையாக்காமல் எடுத்தால் ±10-க்கு 96. வடிவமைப்பு விளைவு 2 என்று வைத்தால் 192. அதை 30 இடங்களுக்குப் பிரித்தால் 6.4, மேல்நோக்கி 7. அவ்வளவுதான். இந்த ±10 கணக்கைத் தெரிந்துகொள்ளாமல் 210-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு ±5 என்று அறிக்கை எழுதினால் எப்படி?

நான்காம் படி: பூட்டிய வீடுகள்

530 என்பது பதில் கிடைத்த வீடுகளின் எண்ணிக்கை. பத்துக்கு எட்டு வீட்டில் பதில் கிடைக்கும் என்று எதிர்பார்த்தால் 0.8-ஆல் வகுக்க வேண்டும்.

```
B7   5
B8   0.1
B9   =1+(B7-1)*B8
B10  =ROUNDUP(B6*B9,0)
B11  0.8
B12  =ROUNDUP(B10/B11,0)
```

B12-இல் 663 வரும். 106 தெருக்களில், தெருவுக்கு 6 அல்லது 7 முகவரிகள். தெருக்களைக் குலுக்கும்போது நிறைய வீடுகள் உள்ள தெருவுக்கு அதற்கேற்ப அதிக வாய்ப்பு தர வேண்டும். இல்லாவிட்டால் சந்து பொந்துகளில் இருப்பவர்களின் குரல் அளவுக்கு மீறி ஒலிக்கும்.

வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள் என்று சர்வே எடுப்பவரிடம் சொல்லிவிடாதீர்கள். கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுதான் பகலில் பூட்டியிருக்கும். காலையில் வண்டி வரும்போது குப்பையைக் கொடுக்கச் சிரமப்படுவதும் அவர்கள்தான். பக்கத்து வீட்டைக் கேட்டால் எண்ணிக்கை நிரம்பும், விடை ஒரு பக்கமாகச் சாயும். மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையோ திரும்பப் போவதுதான் வழி.

ஆட்களைக் கூட்டினால் இந்தச் சாய்வு குறையாது. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்குக் கருத்துக்கணிப்பு அட்டை அனுப்பியது, 20 லட்சத்துக்கும் மேல் திரும்பி வந்தன. நம் சூத்திரப்படி பிழை 0.1 புள்ளிகூட வராது. குடியரசுக் கட்சி வேட்பாளர் லாண்டன் ஜெயிப்பார் என்றது பத்திரிகை. ரூஸ்வெல்ட் சுமார் 61 சதவீத வாக்குகளோடு ஜெயித்தார். முகவரிகளை எடுத்த தொலைபேசி, கார் உரிமையாளர் பட்டியல்களும், அட்டையைத் திருப்பி அனுப்பியவர்களும் மொத்த வாக்காளர்களைப் போல இல்லை. ±5 என்பது குலுக்கலில் ஏற்படும் தற்செயல் பிழைக்கு மட்டும்தான்.

வார்டு வாரியாகக் கேட்டால்?

சர்வே முடிந்த பிறகு, அப்படியே வார்டு வாரியாகவும் கொடுத்துவிடுங்களேன் என்று யாராவது கேட்பார்கள். 530-ஐ 30 வார்டுக்குப் பிரித்தால் வார்டுக்கு 18 வீடுகூட முழுசாக வராது. அங்கே பிழை வரம்பு ±23-க்கும் மேல். 7-ஆவது வார்டில் 70, 8-ஆவது வார்டில் 50 என்று வந்தால் அது வெறும் குலுக்கல் விளையாட்டாகவும் இருக்கலாம். ஒவ்வொரு வார்டுக்கும் ±5 வேண்டுமானால், முழுக் கணக்கையும் ஒவ்வொரு வார்டுக்கும் தனியாகப் போட வேண்டும். அதனால் எந்தெந்தப் பிரிவுக்குத் தனி எண் வேண்டும் என்பதை ஆரம்பத்திலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கிடைத்ததை வைத்துச் சரிபாருங்கள்

530 திட்டமிட்டு 512 வீடுகளில்தான் பதில் கிடைத்தது, அதில் 62 சதவீதம் பிரித்துக் கொடுக்கிறார்கள் என்று வைப்போம். உண்மையில் கிடைத்த வரம்பு:

```
=1.96*SQRT(1.4*0.62*0.38/512)
```

0.0498 வரும், அதாவது ±5. எதிர்பார்த்ததைவிடக் குறைவான வீடுகள் கிடைத்தும் வரம்பு தப்பியதற்குக் காரணம், விடை 50-இலிருந்து தள்ளி 62-இல் இருப்பது. நடுவில் உள்ள 1.4 நம் ஊகம்தான் என்பதால், தரவு வந்த பிறகு தெருக்களுக்கிடையே பதில்கள் எப்படி மாறுகின்றன என்று பார்த்து அதையும் மறுபடி கணக்கிடுங்கள். 2 என்று வந்தால் வரம்பு ±6 ஆகிவிடும். அப்போது அறிக்கையில் ±6 என்றே எழுதுங்கள். கூடவே எத்தனை வீடுகளை அணுகினீர்கள், எத்தனை வீட்டில் பதில் கிடைத்தது என்ற இரண்டு எண்களையும் போடுங்கள்.