ராட்டை கதை சொன்னால்

பழைய வீட்டுப் பொருளின் பார்வையில் ஒரு குடும்பத்தின் மாற்றத்தை எழுத விரும்புவோர், அப்பொருள் வீட்டில் இருக்கும் இடத்தையும் அங்கிருந்து அதற்கு எட்டுபவற்றையும் முதலில் குறித்துக்கொண்டு, அதற்கு வெளியே உள்ள எதையும் அதன் வாயால் சொல்லாதிருந்தால், பிற்பாடு திருத்தும் வேலை பெரிதும் குறையும்.

சேலம் அம்மாபேட்டையில் ஒரு நெசவாளர் வீட்டின் நூலைத் தார்க்குச்சியில் சுற்றும் ராட்டை கதை சொல்வதாகக் கொள்வோம். தன்னைச் சுழற்றும் கையும் தன்மேல் ஓடும் நூலும் வீட்டுக்குள் எழும் ஓசையுமே அதற்குத் தெரியும். ஆகவே பாட்டியின் காய்த்த விரல்கள் போய் மருமகளின் வளையல் கை வந்ததையும், பட்டிழை நின்று செயற்கை இழை வந்ததையும், பின்னர் குழித்தறியின் மிதியோசை அடங்கித் தான் பரணுக்கு ஏற்றப்பட்டதையும் அது சொல்லலாம், ஆனால் கடன் பத்திரத்தில் இருந்த தொகையைச் சொல்லலாகாது. காரணத்தை வாசகரே ஊகித்துக்கொள்வதால், 'காலம் மாறிவிட்டது' போன்ற விளக்க வரிகளுக்குத் தேவையே எழாது. பரணேறிய பின் அதற்குக் காட்சி இல்லை, ஓசை மட்டுமே உண்டு. எழுதுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

கதையின் முக்கியத் திருப்பம் நீதிமன்றத்திலோ வெளியூரிலோ நிகழ்வதாயின் இம்முறை பொருந்தாது. அப்போது கைக்கடிகாரம் போல மனிதரோடு உடன்செல்லும் பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.