எழுதியதை நீங்களே பிழை திருத்துவது எப்படி? மூன்று சுற்று, நான்கு பிழை

நாம் எழுதியதில் நமக்கே பிழை தெரியாமல் போவதற்குக் காரணம் கவனக்குறைவு மட்டுமல்ல. என்ன எழுத நினைத்தோம் என்பது மனதில் இருப்பதால், கண் எழுத்தைப் பார்க்காமல் அந்த நினைப்பையே படித்துவிடுகிறது. அதனால் ஒரே மாதிரி நான்கு முறை படிப்பதைவிட, வேறு வேறு விதமாக மூன்று முறை படிப்பது நல்லது. ஒவ்வொரு முறையும் வேறு வகைப் பிழை சிக்கும்.

இந்தச் சிறு பத்தியை எடுத்துக்கொள்வோம்:

> எங்கள் பல்லியின் ஆண்டு விழா வெள்ளிக்கிழமை நடந்தது. தலைமையாசிரியர் ஆண்டரிக்கையை வாசித்தார். விழாவுக்கு பெற்றோர் பலர் வந்திருந்தனர். பரிசு பெற்ற மாணவர்களின் பெயர்ப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளன.

இதில் நான்கு பிழைகள் உள்ளன. கீழே போவதற்கு முன் நீங்களே ஒருமுறை தேடிப் பாருங்கள்.

சுற்று 1: வாய்விட்டுப் படித்தல்

சேர்க்க வேண்டியதைச் சேர்த்து, நீக்க வேண்டியதை நீக்கி முடித்த பிறகு தொடங்குங்கள். முடிந்தால் ஓர் இரவு இடைவெளி விடுங்கள். முணுமுணுக்காமல், எதிரில் ஒருவர் உட்கார்ந்து கேட்பதுபோலப் படியுங்கள். மூச்சு முட்டும் இடத்திலும் நாக்கு தடுமாறும் இடத்திலும் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு நகருங்கள். அங்கேயே நின்று திருத்தத் தொடங்கினால் ஓட்டம் போய்விடும்.

இந்தச் சுற்றில் அகப்படுவது வாக்கியப் பிழை. கடைசி வாக்கியத்தில் ஒட்டப்பட்டது எது? பட்டியல். அது ஒருமை. ஆனால் நடுவில் வந்த ‘மாணவர்களின்’ நம்மை இழுத்துப் பன்மை வினையில் விட்டுவிட்டது. ‘பட்டியல் ஒட்டப்பட்டுள்ளன’ என்று காதில் விழும்போது உறுத்தும். ‘ஒட்டப்பட்டுள்ளது’ என்று மாற்ற வேண்டும். வாக்கியம் நீளமாக இருந்தால் எழுவாயையும் வினையையும் மட்டும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்.

சுற்று 2: பின்னாலிருந்து படித்தல்

காதுக்கு ஓர் எல்லை உண்டு. பேச்சில் நம்மில் பலர் ரகர றகரத்தையும் னகர ணகரத்தையும் ஒரே மாதிரிதான் ஒலிக்கிறோம். ‘ஆண்டறிக்கை’யை ‘ஆண்டரிக்கை’ என்று படித்தாலும் சரியாகவே கேட்கும். இதற்குக் கண்தான் வேண்டும், அதுவும் பொருளில் மயங்காத கண்.

அதனால் கடைசிச் சொல்லில் தொடங்கி முதல் சொல்லை நோக்கி வாருங்கள். அச்சிட்ட தாளாக இருந்தால், படிக்கும் சொல்லுக்கு முந்தியதை ஒரு துண்டுக் காகிதத்தால் மறையுங்கள். வாசித்தார்... ஆண்டரிக்கையை... தலைமையாசிரியர்... நடந்தது... வெள்ளிக்கிழமை... விழா... ஆண்டு... பல்லியின். தனியாக நிற்கும்போதுதான் அது சுவரில் ஓடும் பல்லி என்று தெரிகிறது! தமிழை ஒலிப்பு முறையில் தட்டச்சு செய்கிறவர்களுக்கு இந்தப் பிழை அடிக்கடி வரும். அஞ்சல் விசைப்பலகையில் `l` என்றால் ல, `L` என்றால் ள. ஷிஃப்ட் ஒருமுறை சரியாக அழுந்தாவிட்டால் பள்ளி பல்லியாகிவிடும். ‘பல்லி’யும் சரியான சொல் என்பதால் எழுத்துப்பிழை காட்டும் மென்பொருளும் அடிக்கோடு போடாது.

இந்தச் சுற்று மெதுவானது, சலிப்பும் தரும். நீண்ட கட்டுரை என்றால் தலைப்பு, பெயர்கள், முதல் பத்தி ஆகியவற்றுக்காவது செய்துவிடுங்கள்.

சுற்று 3: உங்கள் சொந்தப் பிழைப்பட்டியல்

‘விழாவுக்கு பெற்றோர்’ இன்னும் தப்பித்து நிற்கிறது. வாய்விட்டுப் படிக்கும்போது நாக்கு தானாகவே ‘ப்’ சேர்த்துச் சொல்லிவிடும். பின்னாலிருந்து படித்தால் இரண்டு சொல்லும் தனித்தனியே சரி. ஒற்றுப்பிழை இரண்டு சொற்களுக்கு நடுவில் இருப்பதால் அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

`Ctrl+F` அழுத்தி, ‘கு’ என்று தட்டி ஓர் இடைவெளி விடுங்கள். நிற்கும் ஒவ்வோர் இடத்திலும் அந்தச் சொல் நான்காம் வேற்றுமையா, அடுத்த சொல் க, ச, த, ப வரிசையில் தொடங்குகிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் ஒற்று வேண்டும்: விழாவுக்குப் பெற்றோர். இரண்டாம் வேற்றுமைக்கு ‘தை’, ‘ளை’ என்று தேடுங்கள்: புத்தகத்தைப் படித்தான், பூக்களைப் பறித்தான்.

இந்தப் பட்டியலை இலக்கண நூலிலிருந்து எடுக்காதீர்கள். நீங்கள் கடைசியாக எழுதிய மூன்று கட்டுரைகளில் பிறர் திருத்தியதிலிருந்து எடுங்கள். அதிகம் வந்த ஐந்து போதும். என் பட்டியலில் முதலில் இருப்பது ‘என்று’, ‘என’ குழப்பம். ‘என்று சொன்னான்’ என்பதில் ஒற்று மிகாது, ‘எனச் சொன்னான்’ என்பதில் மிகும். ஒன்றை மற்றொன்றாக மாற்றும்போது ஒற்றை மறந்துவிடுவேன். ஒரு பிழை பல கட்டுரைகளில் தொடர்ந்து வராமல் போனால் அதை அடித்துவிட்டு, புதிதாகத் தலைகாட்டும் பிழையைச் சேர்க்கிறேன்.

திருத்திய வாக்கியத்தை மட்டும் கடைசியாக ஒருமுறை முழுதாகப் படியுங்கள். ‘பெயர்ப் பட்டியல்’ என்பதைப் ‘பெயர்கள்’ என்று மாற்றினீர்கள் என்றால், சற்றுமுன் திருத்திய ‘ஒட்டப்பட்டுள்ளது’ இப்போது மறுபடியும் ‘ஒட்டப்பட்டுள்ளன’ ஆக வேண்டும்.