சீலிங் ஃபேன் காயில் எரிந்துவிட்டதா? மூன்று ஒயரில் தெரிந்துவிடும்

ஃபேன் சுற்றவில்லை என்றதும் காயில் கட்டக் கொடுத்துவிடாதீர்கள். பாதி நேரம் கெபாசிட்டர்தான் காரணம். மெயினை அணைத்து, கெபாசிட்டரைக் கழற்றி, மோட்டாரிலிருந்து வரும் மூன்று ஒயர்களையும் தனியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். மல்டிமீட்டரை 2000 ஓம் அளவில் வைத்து, இரண்டிரண்டாக மூன்று ஜோடியையும் அளக்க வேண்டும்.

எங்கள் வீட்டு ஃபேனில் 150, 190, 340 வந்தது. சின்ன அளவுகள் இரண்டையும் கூட்டினால் பெரியது வருகிறதா, சரி, காயில் அறுந்துபோகவில்லை. 340 காட்டிய ஜோடியில் சேராத ஒயர்தான் உள்ளே இருக்கும் இரண்டு காயிலுக்கும் பொதுவான காமன். கம்பெனிக்குக் கம்பெனி ஓம் மாறும். கூட்டல் கணக்கு மாறாது.

ஒரு ஜோடி மட்டும் ஓம் காட்டி, மற்ற இரண்டும் OL, அதாவது இணைப்பே இல்லை என்று காட்டினால் ஒரு காயில் அறுந்திருக்கிறது. சில சமயம் உள்ளே ஒயர் சால்டர் விட்டிருக்கும், அதைப் பற்றவைத்தாலே போதும். அப்புறம் பெயிண்ட் சுரண்டிய பாடிக்கும் ஒவ்வொரு ஒயருக்கும் இடையே மெகா ஓம் அளவில் பாருங்கள். OL தவிர எது காட்டினாலும் அந்த ஃபேனை ஓட்டக்கூடாது.

சில சுற்றுகள் மட்டும் ஷார்ட் ஆகியிருந்தால் மீட்டர் கண்டுபிடிக்காது. புது கெபாசிட்டர் போட்டும் மெதுவாகச் சுற்றி, சீக்கிரமே கொதித்தால் அதுதான். பேரிங்கும் சத்தம் போடுகிறதென்றால் நான் காயில் கட்டமாட்டேன், புது ஃபேன்தான்.